டிக்டொக், ஃபேஸ்புக் லைவ்வில் பேர் சொல்லி வரவேற்பது: நீண்ட நாள் பாவனையில் தெரிந்தவை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இப்போது சேலையும் சல்வாரும் லைவ்வில் போகின்றன. இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் துபாயில் ஆறரை, கட்டாரில் ஐந்தரை. தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களும் வெளிநாட்டில் வேலை செய்யும் சொந்தக்காரர்களும் ஒன்றாகப் பார்க்கக் கூடிய நேரம். அப்படி விற்கும் லைவ்வில் வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தைப் பற்றி மட்டும் இங்கே.

டிக்டொக்கில் ஒருவர் உள்ளே வந்ததும் கீழே அவர் பேர் ஓடும். யூடியூபில் அப்படி இல்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் மட்டும் தெரியும், கொமன்ட் எழுதினால்தான் ஆள் யாரென்று தெரியும். டிக்டொக்கில் பேர் ஓடுவதாலேயே எல்லாரும் அதைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சிக்கலும் அங்கேதான். நாம் சொல்வது அவர்கள் காதுக்குப் போகச் சில நொடிகள் பிந்தும். சும்மா தள்ளிக்கொண்டு வந்தவர் அதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார். இல்லாத ஆளை வரவேற்றதுதான் மிச்சம். இருப்பவர்களுக்கோ சேலையின் விலை பாதியில் அறுந்துபோகும்.

அதனால் நிலைத்து ஓடும் முறை இதுதான்: உள்ளே வந்த பேரை விட்டுவிட்டு, கொமன்ட் போட்ட பேரைக் கூப்பிட வேண்டும். ஒரு "ஹாய்" போட்டாலே போதும், அந்த ஆள் நின்று பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, எந்த இடத்தில் கூப்பிடுவது. ஒரு சேலையைக் காட்டும்போது கரை, உடம்பு, முந்தானை, பிளவுஸ் துண்டு, பிறகு விலை, நம்பர் என்று வரிசையாகப் போகும். இதற்கு நடுவில் ஒரு பேரும் வரக்கூடாது. அந்தச் சேலையை மடித்து ஓரமாக வைத்து அடுத்ததை எடுக்கும் பத்துப் பதினைந்து நொடிதான் வரவேற்புக்கான இடம். அதில் இரண்டு மூன்று பேர் தாராளமாக அடங்கும். ஏழாம் நம்பர் முடிந்த கையோடு இப்படி வரலாம்: "வாங்க கவிதா அக்கா, இப்பதான் ஏழு முடிஞ்சிச்சு. பச்சையில கேட்டீங்களே ரேவதி, எட்டாம் நம்பர் அதுதான், இந்தா எடுக்குறேன்." புதிதாக வந்தவருக்கு எங்கே நிற்கிறோம் என்று புரிகிறது; மற்றவர்களுக்கும் அது வெறும் பேர்ப் பட்டியலாகக் கேட்காது. "வாங்க வாங்க, வெல்கம், லைக் பண்ணுங்க" என்று ஒரே தாளத்தில் ஒவ்வொருவருக்கும் சொன்னால், பஸ் கொண்டக்டர் ஊர்ப்பேர் கூவுகிற மாதிரித்தான் இருக்கும்.

பேர் இங்கிலிஷ் எழுத்தில் இருப்பதால் ஆணா பெண்ணா என்று குழம்பும். சக்தி, ஜீவா, சத்யா எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. படத்தில் முருகனோ குழந்தையோ இருந்தால் அதுவும் உதவாது. தெரியாத இடத்தில் அக்கா, அண்ணே வேண்டாம். "வாங்க ஜீவா" போதும், மரியாதை அந்த "ங்க"விலேயே இருக்கிறது. இனிஷலை வாசிக்கத் தேவையில்லை. user என்று தொடங்கி நீளமாக எண் வருகிறதை அப்படியே விட்டுவிடலாம், அவருக்கே அந்த எண் தெரியாது.

காட்டுகிறவரே கொமன்டும் வாசித்தால் கண் கீழேயே போகும். பக்கத்தில் ஒருவர் இன்னொரு போனில் பார்த்து, பழைய காட்போட் பெட்டியின் பின்பக்கத்தில் மார்க்கரால் தமிழில் பெரிதாக எழுதிக் கெமராவுக்கு மேலே பிடிப்பது நல்லது. "கவிதா – புது", "ரேவதி – பச்சை", அவ்வளவுதான். ஒரு அட்டைக்கு மூன்று பேருக்கு மேல் எழுதினால் வாசிப்பது முகத்தில் தெரிந்துவிடும். அந்த இரண்டாவது போனின் சத்தத்தை முழுதாக மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் பிந்தி வரும் குரல் மைக்கில் ஏறி எதிரொலிக்கும்.

பேரோடு தோட்டத்தின் பேரையோ "இன்னும் டியூட்டியா?" என்பதையோ சேர்ப்பது நெருக்கமாகத் தெரியும், ஆனால் கூடாது. வேலை நேரத்தில் ஒளித்துப் பார்க்கிறவரும் இருப்பார், வீட்டுக்குத் தெரியாமல் சேலை எடுக்கிறவரும் இருப்பார். ஃபேஸ்புக்கில் 2025 பெப்ரவரிக்குப் பிறகு லைவ் பதிவு 30 நாள் பக்கத்திலேயே கிடக்கும், யாரும் போட்டுக் கேட்கலாம். எழுதாமல் பார்க்கிறவரைக் கூப்பிடாததற்கு இது இரண்டாவது காரணம்.

மாதக்கணக்கில் நடத்தும்போது வேறொரு தொல்லை வரும். தினமும் பேர் கேட்டுப் பழகியவர் ஒருநாள் விடுபட்டால் "நம்மள மறந்துட்டீங்க" என்று எழுதுவார். பழைய ஆட்களுக்கு வரவேற்பைக் குறைத்து, அவர்கள் கேட்ட கேள்விக்குப் பேர் சொல்லிப் பதில் தருவதுதான் இதற்கு வழி. கேள்வி இல்லாத நாளில் பேரும் இல்லை என்பது அவர்களுக்கே பழகிவிடும்.

மலைப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஒரே ஆள் அறுந்து மறுபடி சேர்வார். பேர் திரும்பவும் ஓடும். அதைப் பார்த்து இரண்டாம் தடவை "வாங்க" என்றால், ஆளைக் கவனிக்கவே இல்லை என்பது வெளிச்சமாகிவிடும். அட்டை பிடிப்பவர் சொன்ன பேர்களை ஒரு கொப்பித் தாளில் குறித்துக்கொண்டால் போதும். நம்முடைய லைன் அறுந்து திரும்ப வந்தால் மட்டும் யாரையும் பேர் சொல்லாமல், "லைன் போயிருச்சு, எட்டாம் நம்பர்ல நிக்கிறோம்" என்று நேராக விலைக்குப் போய்விடலாம்.