மாத முடிவு ஏற்றம் உண்மையா, தற்செயலா? டி-சோதனையும் சுழற்றும் சோதனையும்

மாதத்தின் கடைசி வணிக நாளும் அடுத்த மாதத்தின் முதல் மூன்று நாட்களும் பங்குச் சந்தைக்கு நல்லவை என்று ஒரு பேச்சு உண்டு. லக்கோனிஷாக், ஸ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-ல் டவ் ஜோன்ஸின் 90 ஆண்டுத் தரவை எடுத்துப் பார்த்தபோது, அந்த நான்கு நாட்களின் சராசரி ஏற்றம் 0.47 சதவீதம். சாதாரணமாக எந்த நான்கு நாட்களை எடுத்தாலும் வருவது 0.06 சதவீதம்தான்.

இதை நிஃப்டியில் பத்து ஆண்டுகளுக்குச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். 120 மாதங்களில் வித்தியாசம் சராசரியாக 0.4 சதவீதம், நான்கு நாள் லாபத்தின் திட்டவிலக்கம் 2 சதவீதம் என்று கொள்வோம். திட்டப்பிழை 2/√120, அதாவது 0.18. 0.4-ஐ இதால் வகுத்தால் டி மதிப்பு 2.2. பி மதிப்பு, அதாவது உண்மையில் விளைவே இல்லாதபோதும் தற்செயலால் இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு, 0.03. இதுதான் டி-சோதனை. ஐந்து நிமிட வேலைதான், எக்செலே போதும். 'உண்மைதான்' என்று பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் இந்த நான்கு நாட்களைத் தேர்ந்தெடுத்தது யார்? மாதத்தில் சுமார் 21 வணிக நாட்கள், அப்படியானால் 21 தொடக்கப் புள்ளிகள். அவை ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், வெறும் தற்செயலாலேயே ஏதாவது ஒன்று 0.03-ஐத் தொட 47 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இந்த நான்கு நாள் ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று படிவதால் அது கொஞ்சம் குறையும். எவ்வளவு என்று டி-சோதனை சொல்லாது.

சுழற்றும் சோதனை அதைச் சொல்லும். தரவை மாத நடுவிலிருந்து அடுத்த மாத நடுவரை துண்டு துண்டாக வெட்டுங்கள். மாத எல்லையில் வெட்டினால் நாம் தேடும் நான்கு நாட்களே இரண்டாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக, ஏதோ ஒரு எண்ணிக்கை நாட்கள் வட்டமாகச் சுழற்றுங்கள். அடுத்தடுத்த நாட்களின் உறவு பெரும்பாலும் அப்படியே இருக்கும், காலண்டர் மட்டும் கலைந்துவிடும். பிறகு 21 ஜன்னல்களிலும் மிக உயர்ந்த சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி 5,000 தடவை. அவற்றில் எத்தனை தடவை அந்த உச்சம், சுழற்றாத தரவில் கிடைத்த நான்கு நாள் சராசரியைத் தாண்டியது? அந்த விகிதம்தான் நேர்மையான பி மதிப்பு. நான் நம்புவது இதைத்தான்.

இதற்கும் எல்லை உண்டு. வாரநாள், பண்டிகை என்று நீங்கள் ஏற்கெனவே தேடிக் கைவிட்டவை இதில் சேராது. சல்லிவன், டிம்மர்மன், வைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2001-ல் சுமார் 9,500 காலண்டர் விதிகளை ஒன்றாகக் கணக்கில் எடுத்தார்கள். தனியே பார்த்தால் வலுவாகத் தெரிந்த சிறந்த விதியும் அப்போது நிற்கவில்லை.

நிஃப்டிக்கு இன்னொரு சிக்கல். மத்திய பட்ஜெட் வழக்கமாக 2016 வரை பிப்ரவரி கடைசி நாளிலும், 2017 முதல் பிப்ரவரி 1-லும் வருகிறது. இரண்டுமே நம் ஜன்னலுக்குள்தான் விழுகின்றன. அந்த நாட்களை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எண் பாதியாகக் குறைந்தால், நீங்கள் அளந்தது மாத முடிவை அல்ல, பட்ஜெட்டை.