கட்டாரிலிருந்து இலங்கைக்கு உண்டியலில் காசு: 2021 தொடங்கி இன்றுவரையான பயன்பாட்டு அனுபவம்

உண்டியலை, அதாவது வங்கிக்கு வெளியே ஒரு ஏஜென்ட் வழியாக வீட்டுக்குக் காசு அனுப்புவதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானோர் ரேட்டைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ரேட் முக்கியம்தான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வாங்கினால், எப்போது வாங்கக் கூடாது என்பதும் தெரியாமல் போகும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

2021 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கி டொலரை 200 முதல் 203 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருந்தது. கட்டார் ரியால் ஒரு டொலருக்கு 3.64 என்று நிலையாகக் கட்டப்பட்டது. அதனால் வங்கி வழியில் ஒரு ரியாலுக்கு 55 ரூபாயைத் தாண்டுவது கடினம். 1500 ரியாலில் 15 ரியால் கட்டணம் போனால் மீதி 1485. வீட்டுக்குச் சேர்வது 81,675 ரூபாய். அந்த மாதம் அரசு டொலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. அதனையும் சேர்த்தால் ஏறக்குறைய 85,750. உண்டியல்காரர் கொடுத்த விலையை 65 என்று வைத்தால், அதே 1500 ரியாலுக்கு 97,500. ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட 11,750 ரூபாய் வித்தியாசம். பால்மாவுக்கும் காஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்ற வீடு இந்தத் தொகையை விட்டுக்கொடுக்கும் என்று எதிர்பார்த்ததுதான் அன்றைய கொள்கையின் பெரிய பிழை. வங்கிகள் வழியாக வந்த பணம் 2020இல் சுமார் 710 கோடி டொலர். 2021இல் 549 கோடி. 2022இல் 379 கோடி. உழைத்தவர்கள் உழைப்பை நிறுத்தவில்லை, காசு வேறு வழியால் போனது.

ஒரு ரியாலுக்கு வங்கியைவிடக் கூடுதலாக வரும் அந்தப் பத்து ரூபாயை உண்டியல்காரர் தன் பையிலிருந்து தருவதில்லை. வங்கியில் டொலர் கிடைக்காத ஒரு ஆள் கொழும்பில் இருக்கிறார். சரக்கு இறக்க நாணயக் கடிதம் திறக்க முடியாத வியாபாரியாக இருக்கலாம். விலையைக் குறைத்துக் காட்டி, மீதியை வெளியே கட்ட வேண்டியவராக இருக்கலாம். தங்கம் கடத்துபவராகவோ, போதைப்பொருளுக்கு வெளிநாட்டில் காசு கட்ட வேண்டியவராகவோ இருக்கலாம். அவருக்கு டோஹாவிலோ டுபாயிலோ டொலர் வேண்டும், கையில் ரூபாய் இருக்கிறது. உங்களிடம் ரியால் இருக்கிறது, வீட்டுக்கு ரூபாய் வேண்டும். உண்டியல்காரர் இந்த இரண்டு பேரையும் கோர்த்துவிட்டு நடுவில் ஒரு வெட்டு எடுக்கிறார். உங்கள் ரியால் இலங்கைக்கு வருவதே இல்லை, வந்து சேர்வது அந்த ஆளின் ரூபாய். இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் எல்லாச் சிக்கலுக்கும் காரணம் தானாக விளங்கும்.

நடைமுறை சுலபம். தொழிலாளர் முகாமிலோ கடையிலோ தெரிந்த ஒருவர் வழியாக நம்பர் கிடைக்கும். வட்ஸ்அப்பில் கேட்டால் "அண்ணே, இண்டைக்கு 65. காசைத் தந்தால் ரெண்டு மணித்தியாலத்தில விழும்" என்று பதில் வரும். காசைக் கையில் கொடுத்து, வீட்டாரின் கணக்கு இலக்கம், பெயர், வங்கிக் கிளை மூன்றையும் அனுப்ப வேண்டும். பற்றுச்சீட்டு கிடையாது. அங்கே யாரோ ஒருவர் காசு வைப்பு இயந்திரத்தில் போட்டுவிட்டு ஸ்லிப்பைப் படமெடுத்து அனுப்புவார், அல்லது தன் கணக்கிலிருந்து இணையவழியில் மாற்றுவார். வெள்ளிக்கிழமையும் நடக்கும், இரவு ஒன்பதுக்கும் நடக்கும். வேகத்தில் அந்தக் காலத்தில் குறைசொல்ல அதிகமில்லை.

சட்டத்தில் இதற்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப்படி அனுமதி பெற்றவர்கள்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். வளைகுடா நாடுகளிலும் உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் செய்வது குற்றம். மாட்டுபவர் பெரும்பாலும் ஏஜென்ட்தான் என்றாலும், அவருடைய கைபேசியில் உங்கள் பெயரும் இருக்கும்.

முதல் சிக்கல் 2022 மார்ச்சில் வெளியே தெரிந்தது. 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயை விட்டுவிட, மாதம் முடிவதற்குள் டொலர் 300ஐ நெருங்கியது. விலை ஏறுகிறது, அனுப்புபவருக்கு நல்லதுதானே என்று தோன்றும். நடந்தது வேறு. ஒரு ரியாலுக்கு 71 என்று பேசி 1500 ரியால் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். வீட்டுக்கு 1,06,500 ரூபாய் போக வேண்டும். அன்றைக்கே போட்டால் அதற்கு ஏறக்குறைய உங்கள் 1500 ரியாலுக்குரிய 412 டொலர் முழுவதையும் விற்க வேண்டும். மூன்று நாள் இழுத்தடித்து, வெளிச்சந்தையில் டொலர் 290 ஆனபின் விற்றால், 367 டொலரே அந்த 1,06,500ஐக் கொடுத்துவிடும். மீதி 45 டொலர், அதாவது 160 ரியாலுக்கு மேல், ஏஜென்ட்டின் பையில். "பாங்கில சிஸ்டம் வேலை செய்யேல்ல", "அங்க ஆள் பெற்றோல் வரிசையில நிக்கிறார்" என்ற சாக்குகள் அந்த மாதம் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோல் வரிசை என்னவோ உண்மைதான்.

2023இல் இது தலைகீழானது. டொலர் 360இலிருந்து இறங்கத் தொடங்கி, ஜூன் அளவில் 300க்கும் கீழே வந்தது. அப்போது தாமதம் ஏஜென்ட்டுக்கு நட்டம். உடனே போடுவார்கள் என்று நினைத்தால் அதுவும் இல்லை. "நேற்றைய ரேட்டுக்கு முடியாது, இன்றைக்கு இவ்வளவுதான்" என்று காசை வாங்கியபின் விலையைக் குறைத்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் கேட்க வழியும் இல்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் சேதாரம் அனுப்புபவர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: ரியால் முதலில் கைமாறுகிறது, ரூபாய் பிறகு வருகிறது. பழைய ஆட்கள் வீட்டில் காசு விழுந்தபின்தான் ரியால் கொடுப்பார்கள். புதியவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

அடுத்தது ஸ்லிப். படத்தில் வருகிற ஸ்லிப்பைக் காசு என்று எண்ணக் கூடாது. காசோலை போட்டாலும் வங்கி ஸ்லிப் தரும், தொகையும் இலக்கமும் சரியாகவே இருக்கும். அது காசு வைப்பா காசோலை வைப்பா என்று சிறிய எழுத்தில்தான் இருக்கும். அந்தக் காசோலை திரும்பிவந்த பிறகுதான் விடயம் தெரியவரும், அதற்குள் ரியால் போய்விட்டது. ஆகவே வீட்டார் கணக்கில் பார்க்க வேண்டியது மொத்த இருப்பை அல்ல, எடுக்கக்கூடிய இருப்பை. இரண்டும் வேறாக இருந்தால் காசு இன்னும் சேரவில்லை என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விடக் கனமான சிக்கல், காசு சரியாக விழுந்தபின் வருவது. முன்பு சொன்ன அந்த முகம் தெரியாத ஆளை நினைவில் வையுங்கள். வவுனியாவில் இருக்கும் தாயின் சேமிப்புக் கணக்கில் புறக்கோட்டையிலிருந்து ஒரு மாதம் ஒருவர் போடுகிறார், மறுமாதம் நீர்கொழும்பிலிருந்து இன்னொருவர். சில நேரம் ஒரே தொகை மூன்றாக உடைந்து, மூன்று பெயரில் வரும். வெளியிலிருந்து பார்க்கும் வங்கி அதிகாரிக்கு இது மகன் அனுப்பிய சம்பளமாகத் தெரியாது. வருமானம் இல்லாத ஒரு கணக்குக்குத் தொடர்பில்லாத ஆட்கள் பணம் போடுவதாகத்தான் தெரியும். அவர்களில் ஒருவர் போதைப்பொருள் வழக்கில் சிக்கினால், அவர் பணம் போட்ட கணக்குகள் எல்லாம் விசாரணைப் பட்டியலுக்குள் வரும். 2021 கடைசியில் மத்திய வங்கி இப்படிப்பட்ட கணக்குகளை இடைநிறுத்துவோம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. நிறுத்தினால் உண்டியல் காசு மட்டுமல்ல, அதே கணக்கில் இருக்கும் ஓய்வூதியமும் நகை அடகு மீட்க வைத்த காசும் சேர்ந்தே முடங்கும்.

அப்படி முடங்கினால் வங்கி கேட்கும் கேள்விகள் மூன்று: போட்டவர் யார், அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு, எதற்காகப் போட்டார். மூன்றுக்கும் வீட்டாரிடம் பதில் இருக்காது. "மகன் வெளிநாட்டில்" என்றால் அனுப்பிய சான்றைக் கேட்பார்கள். சம்பளச் சீட்டும் வேலை ஒப்பந்தமும் உழைத்ததைக் காட்டும், ஆனால் இந்தக் காசு அந்தக் காசுதான் என்று காட்டாது. ஏஜென்ட்டுடன் பேசிய வட்ஸ்அப் செய்தியைக் காட்டலாம்; அது உண்டியலை நீங்களே ஒப்புக்கொள்வது. எனவே கடிதம் எழுதிக் கொடுக்க முன்பு ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது. வயதான தாய் தனியாகப் போய், தெரியாத பெயர்களை "மருமகன்", "கடைக்காரத் தம்பி" என்று சமாளிப்பது நிலைமையைக் கெடுக்கும். பிறகு அந்தப் பொய்க்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இதன் சிறிய வடிவம் காணி வாங்கும்போது வரும். நான்கு வருடம் அனுப்பியும் வங்கிக் கூற்றில் வெளிநாட்டு வரவு என்று ஒரு வரி இருக்காது. கடன் கேட்டாலும், பிள்ளையின் வெளிநாட்டு விசாவுக்குப் பண மூலம் காட்டினாலும் இதே வெற்றிடம்தான். 2022இல் வெளிநாட்டில் வேலை செய்வோர் மின்வாகனம் இறக்க அரசு அனுமதி கொடுத்தபோதும், வங்கி வழியாக அனுப்பிய தொகையை வைத்தே தகுதி பார்த்தார்கள்.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். மத்திய வங்கி விலையைப் பிடித்து வைக்காததால், பழைய பத்து ரூபாய் இடைவெளிக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. 2023இல் வங்கி வழி வரவு 597 கோடி டொலருக்குத் திரும்பியதற்கும் இதுவே முக்கிய காரணம். சரிபார்க்க ஒரு வகுத்தல் போதும்: அன்றைய டொலர் வாங்கும் விலையை 3.64ஆல் வகுங்கள். டொலர் 300 என்றால் ரியாலுக்கு 82.42. உரிமமுள்ள நிறுவனம் 81.50 தந்து 15 ரியால் எடுத்தால் 1500 ரியாலுக்கு 1,21,000 ரூபாய் சொச்சம் சேரும். உண்டியல்காரர் 83 என்றால் 1,24,500. மேலே சொன்ன அத்தனை தலையிடிக்கும் கிடைக்கும் கூலி மூவாயிரத்து ஐந்நூறுக்கும் குறைவு.

அதே நாளில் ஒருவர் 90 தருவதாகச் சொன்னால், ஒரு டொலருக்கு 327 ரூபாய் கொடுக்கிறார். வங்கியில் 300க்குத் தாராளமாகக் கிடைக்கும் டொலரை 327க்கு வாங்க எந்த வியாபாரிக்கும் தேவை இல்லை. வங்கிக்குள் முகம் காட்ட முடியாத ஒருவருக்குத்தான் அந்த விலை கட்டுப்படியாகும். அல்லது ரியாலை வாங்கிக்கொண்டு ரூபாயைப் போடும் எண்ணமே இல்லாத ஒருவருக்கு.