"கடப்பா பிரமாதம்" என்றால் என்ன சொல்வது?

கும்பகோணத்தில் ஒரு மெஸ். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள, குருமா மாதிரி இருக்கும் கடப்பா. சாப்பிட்டுவிட்டுக் கல்லாவுக்கு வந்த அம்மா, "கடப்பா பிரமாதம் தம்பி, சோம்பு வாசனை தூக்கலா இருந்துது" என்கிறார். கல்லாவில் இருப்பவர் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம்.

ஒன்று: "மிக்க நன்றி மேடம், உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி." தப்பில்லை. ஆனால் செல்போன் கடையிலும் இதையேதான் சொல்வார்கள். அவர் சொன்ன சோம்பு காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

இன்னொன்று: "சந்தோஷம்மா. சோம்பைத் தேங்காயோட சேர்த்து அரைச்சு விடுறோம், சரியாப் பிடிச்சுட்டீங்க. மாஸ்டர்கிட்ட சொல்லிடுறேன்."

எனக்கு இதுதான் பிடிக்கிறது. பாராட்டை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, அவர் கவனித்ததையே எடுத்துப் பேசி, சமைத்தவருக்கும் பங்கு கொடுத்தாயிற்று. (மாஸ்டரிடம் நிஜமாகவே சொல்ல வேண்டும், அது வேறு விஷயம்.) "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று கூசினால், பாவம், அவர் மறுபடி ஒருமுறை புகழ வேண்டியிருக்கும்.

இதிலும் சறுக்கல் உண்டு. உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு என்று முழுச் செய்முறைக்குப் போய்விடுவார்கள். அவர் கண் வாசல் செருப்புக்குப் போய்விட்டதென்றால் நிறுத்திக்கொள்ளலாம். "அப்படியே ஒரு டிகிரி காபி?" என்று கேட்டால் இன்னும் மோசம், பாராட்டு வியாபாரமாகிவிடும்.

முகூர்த்த நாள் கூட்டத்தில் இவ்வளவுக்கு நேரம் இருக்காது. அப்போது சில்லறையிலிருந்து நிமிர்ந்து, முகம் பார்த்து, "சந்தோஷம்மா, சொல்லிடுறேன்" என்றால் போதும்.