மண்சட்டியில் மிஷ்டி தோய்: நாலு வருஷ அனுபவம்

கொல்கத்தாவுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் எட்டு சின்ன மண்சட்டிகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் 150 மில்லி பிடிக்கும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் தயிருக்கு உறை ஊற்றுவது யாருக்கும் புதிதில்லை. நானும் அந்தத் தைரியத்தில்தான் மிஷ்டி தோய் என்கிற வங்காள இனிப்புத் தயிரில் இறங்கினேன். முதல் மூன்று முறையும் கிடைத்தது இனிப்பு மோர்.

காரணம் பால்தான். இரண்டு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலை, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே ஒன்றேகால் லிட்டராகச் சுண்டவிட வேண்டும். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பாதியில் 90 கிராம் சர்க்கரை சேர்த்துவிடுவேன். சர்க்கரையோடு கொதிக்கும்போதே பால் லேசாகப் பழுப்பேறும். இன்னொரு 60 கிராமைத் தனி வாணலியில் உருக்கி, பால் விடாத கடுந்தேநீர் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, சூடான பாலை ஒரு கரண்டி ஒரு கரண்டியாக ஊற்றுவேன். ஆறிய பாலை ஊற்றினால் பாகு கல்லாக இறுகிவிடும். புகை கிளம்பும்வரை விட்டால் நிறம் அழகாக இருக்கும், நாக்கில் கசக்கும். அந்தப் பாகைக் கொட்டிவிடுவதே மேல்.

பால் 42 டிகிரிக்கு ஆறியதும், நீர் வடித்த கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி. சீக்கிரம் உறையட்டும் என்று ஒருமுறை நாலு போட்டேன். புளித்ததுதான் மிச்சம். சர்க்கரை இருப்பதால் சாதாரணத் தயிரைவிட மெதுவாகத்தான் உறையும். வெயில் காலத்தில் எட்டு மணி நேரம், ஜனவரியில் கம்பளி சுற்றி வைத்தும் பதினான்கு. நடுவில் சட்டியைச் சாய்த்துப் பார்த்தால் தயிர் உடைந்து நீர் விட்டுவிடும். (மாமியார் பார்ப்பார். அதனால் இப்போது அலமாரிக்குள்.)

இனி சட்டி. புதுச் சட்டியை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைப்பேன். ஈரச் சட்டி நீரை உறிஞ்சாது, கெட்டித்தன்மையில் பாதி போய்விடும். பால் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் வெளிப்புறம் ஈரமாகக் கருத்தால் சட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம். அடியில் துணி விரித்துவிடுங்கள், கசியும்.

இரண்டாம் வருஷம் சிக்கனம் பார்த்து அதே எட்டையும் திரும்பத் திரும்பப் புழங்கினேன். நாலாம் தடவையில் வெளிப்புறம் காய்ந்தே கிடந்தது. தயிரின் மேல் நீர் தேங்கி, பழைய நெய் வாடையும் வந்தது. மண்ணின் துளைகளைக் கொழுப்பு அடைத்துவிடுகிறது. வெந்நீரும் வெயிலும் கொஞ்சம்தான் உதவின. இப்போது மூன்று தடவைக்கு மேல் இல்லை; அப்புறம் அவற்றில் துளசி நாற்று.

மழைக்காலத்தில் மட்டும் செய்வதில்லை. சட்டி சரியாகக் காயாது, உள்ளே பூஞ்சை பிடிக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் மூன்றாம் நாள் தயிர் சட்டியை விட்டு விலகி மேலே வெடித்துவிடுகிறது. ஆக, எட்டு சட்டிக்கு எட்டு பேர் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் பால் வாங்குகிறேன்.