இரவு 11.30 பில், விடியும் வரை போன கரண்ட்: Persistent டைமரோடு சில வருட அனுபவம்

யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கம் மீன் பெட்டிகள் வைக்கும் ஒரு சிறிய குளிர்க்களஞ்சியத்தின் கணக்கு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு இரவும் 11.30க்கு உள்ளே இருக்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் அன்றைய வாடகை ஏற வேண்டும். மாத முடிவில் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிமாருக்கு அந்தக் கணக்கில்தான் பில் போகும். சேர்வர் என்பது கந்தோர் மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு சாதாரண லினக்ஸ் பெட்டி. யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் அது சில நிமிடங்களுக்குத்தான். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அப்படி இல்லை என்றாலும் காற்றும் மழையும் வந்தால் இரவில் கரண்ட் போவது புதிதல்ல.

முதலில் இந்த வேலை கிரானில் இருந்தது. கிரானுக்குப் பழையதைப் பற்றிக் கவலை கிடையாது, 11.30க்கு இயந்திரம் அணைந்திருந்தால் அன்றைய வேலை போனதுதான். அதனால் சிஸ்டம்டி டைமருக்கு மாற்றினோம்:

```
[Timer]
OnCalendar=*-*-* 23:30:00
Persistent=true
```

இரண்டாவது வரிதான் விசேஷம். டைமர் கடைசியாக எப்போது வேலையைக் கிளப்பியது என்பதை `/var/lib/systemd/timers` அடைவில் ஒரு வெற்றுக் கோப்பின் நேரமாகக் குறித்து வைக்கும். இயந்திரம் மீண்டும் எழும்பும்போது இடையில் ஒரு 11.30 தவறியிருந்தால் உடனே வேலையைக் கிளப்பும். இந்த விஷயத்தில் அது எங்களை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. ஆனால் வேலை கிளம்புவது வேறு, கணக்கு சரியாக வருவது வேறு.

ஒரு மாதக் கடைசி. 31ஆம் தேதி இரவு 11.10க்குக் கரண்ட் போய், காலை 6.40க்கு வந்தது. சேர்வர் எழும்பிய கையோடு டைமர் வேலையைக் கிளப்பியது. எங்களுக்குக் கைமாறி வந்த பழைய ஸ்கிரிப்ட் `date +%F` என்று இன்றைய தேதியை எடுத்து வாடகை எழுதும். காலை 6.40க்கு இன்று என்றால் 1ஆம் தேதி. அதே நாள் இரவு 11.30க்கு வழமையான வேலையும் ஓடியது. அதுவும் 1ஆம் தேதிக்கே எழுதியது. ஆக, 31 விடுபட்டது, 1 இரண்டு தரம் ஏறியது. மொத்தப் பதிவுகளைப் பார்த்தால் இரண்டு இரவுக்கு இரண்டு ஓட்டம், பிழையே தெரியாது. 1ஆம் தேதி விடியவே பெட்டியை எடுத்துப் போன சம்மாட்டி ஒருவர் புது மாதப் பில்லோடு வந்து, "தம்பி, இந்த மாதம் எங்கட பெட்டி ஒரு இரவுகூட உள்ள இருக்கேல்லையே" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விடுபட்டதும் இரட்டித்ததும் தனித்தனி நோய் என்று நினைத்திருந்தோம். இங்கே இரண்டுக்கும் ஒரே காரணம்: ஓடும் நேரத்தை வைத்து எந்த இரவின் கணக்கு என்று முடிவு செய்தது.

இப்போது ஸ்கிரிப்ட் கடிகாரத்தைப் பார்ப்பது ஒரே ஒரு கேள்விக்குத்தான்: கடைசியாகக் கடந்து போன 11.30 எந்த நாளுடையது? அதற்குப் பிறகு, முடித்த இரவுகளின் அட்டவணையைப் பார்த்து, கடைசியாக முடிந்த இரவுக்கு அடுத்ததிலிருந்து அந்த நாள் வரை ஒவ்வொன்றாகப் போடும். இது அவசியம், ஏனென்றால் மூன்று இரவு தவறினாலும் டைமர் மூன்று தரம் கிளப்பாது, ஒரே தரம்தான். பெட்டிகளையும் இப்போது உள்ளே இருப்பவை என்று எடுக்கக் கூடாது. காலையில் ஓடும்போது சில பெட்டிகள் வெளியே போயிருக்கும். அந்த இரவு 11.30க்கு முன் உள்ளே வந்து, அதற்குப் பிறகு வெளியே போனவை அல்லது இன்னும் போகாதவை என்று வரவு, வெளியேற்ற நேரங்களை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இரட்டிப்பைத் தடுக்கும் வேலையைத் தரவுத்தளத்திடமே விட்டோம். பெட்டி எண்ணும் இரவும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் அட்டவணையில் கட்டுப்பாடு போட்டு, எழுதும் கட்டளையின் முடிவில் இதைச் சேர்த்தோம்:

```
ON CONFLICT (box_id, night) DO NOTHING;
```

ஒரு இரவின் வாடகை முழுவதும், அந்த இரவு முடிந்தது என்ற குறிப்பும் ஒரே பரிவர்த்தனைக்குள். நடுவில் கரண்ட் போனால் அந்த இரவு முழுதாக இல்லாமல் போகும், பாதியாக நிற்காது.

இந்தப் பாதி விஷயத்தில்தான் Persistent பற்றிய என் பெரிய குறை. குறிப்புக் கோப்பு வேலை முடியும்போது அல்ல, கிளம்பும்போதே புதுப்பிக்கப்படுகிறது. 11.30க்குத் தொடங்கி இருபதாவது விநாடியில் கரண்ட் போனால், காலையில் எழும்பும் டைமர் நேற்று இரவு ஓடியாயிற்று என்றே நம்பும், திரும்பக் கிளப்பாது. எழும்பிய உடனே ஓடி, போஸ்ட்கிரெஸ் இன்னும் தயாராகாததால் தோற்றாலும் இதே கதைதான் (சேவைக் கோப்பில் `After=postgresql.service` இல்லாவிட்டால் இது நிச்சயம் ஒரு நாள் நடக்கும்). `systemctl list-timers` காட்டும் LAST நேரத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கரண்ட் போய் இயந்திரம் விழுந்திருந்தால், `journalctl -b -1` கொண்டு அது விழுவதற்கு முந்தைய பதிவைப் பாருங்கள்: தொடங்கிய வரி இருக்கலாம், முடிந்த வரி இருக்காது. பதிவு வட்டில் சேமிக்கப்பட்டிருந்தால் மட்டும். எங்களுக்கு அடுத்த இரவு ஓட்டம் தானாகவே விடுபட்டதையும் பிடித்துவிடும் என்பதால் ஒரு நாள் தாமதம்தான் நட்டம். அதுவும் வேண்டாம் என்று காலை 7 மணிக்கும் அதே வேலையை ஓட வைத்திருக்கிறோம். செய்ய எதுவும் இல்லையென்றால் பேசாமல் முடிந்துவிடும்.

இதையெல்லாம் கரண்ட் போகும் வரை காத்திருந்து சோதிக்க முடியாது. மெய்நிகர் இயந்திரம் ஒன்றில் தவறிய இரவை இப்படி உண்டாக்குகிறோம்:

```
systemctl stop bill.timer
touch -d '3 days ago' \
  /var/lib/systemd/timers/stamp-bill.timer
systemctl start bill.timer
```

கோப்பின் பெயர் உங்கள் டைமரின் பெயரைப் பொறுத்தது. சோதனைத் தரவுத்தளத்தில் முடித்த இரவுகளின் அட்டவணையையும் அதே அளவு பின்னுக்குத் தள்ள வேண்டும். பாதி ஓட்டத்துக்கு, ஸ்கிரிப்டின் நடுவில் சோதனையின்போது மட்டும் ஒரு நிமிடத் தூக்கம் வைத்து, அந்த நேரத்தில் மெய்நிகர் இயந்திரத்தைச் சட்டென்று அணைக்கும் `virsh destroy` கொடுக்கிறோம். ஒழுங்காக `reboot` செய்தால் எதுவும் தெரியாது, ஏனென்றால் அது எல்லாச் சேவைகளையும் மரியாதையாக நிறுத்திவிட்டுத்தான் போகும். கரண்ட் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. கடைசியாக, வேலையைக் கையால் ஒரே நேரத்தில் இரண்டு முனையங்களில் ஓட வைப்போம்.

ஸ்கிரிப்ட் வெற்றி என்று சொன்னால் நாங்கள் ஏற்பதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் வந்த நேரத்துக்கும் போன நேரத்துக்கும் இடையில் எத்தனை 11.30 கடந்தது என்று தனியான வினவல் ஒன்று எண்ணும். அந்த எண்ணிக்கையும் வாடகை வரிகளின் எண்ணிக்கையும் பெட்டிக்குப் பெட்டி ஒத்துப்போக வேண்டும். ஸ்கிரிப்டின் தேதிக் கணக்கை இந்த வினவலில் திரும்பப் பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒரே பிழையைச் செய்யும், அதனால் வேறு ஆளைக் கொண்டு எழுதினோம்.

தீராத ஒன்று குறுஞ்செய்தி. மாத பில் தொகை சம்மாட்டிமாரின் கைபேசிக்குப் போகும். செய்தியை அனுப்பி, அனுப்பியாயிற்று என்று குறிக்கும் முன் சேர்வர் விழுந்தால், எழும்பியதும் திரும்ப அனுப்பும். குறித்துவிட்டு அனுப்பினால் போகாமலே விடுபடலாம். வெளியே இருக்கும் சேவையைத் தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் இழுக்க வழியில்லை. முதலாளியிடம் எது வேண்டும் என்று கேட்டோம். இரண்டு தரம் வந்தால் பரவாயில்லை, ஆனால் தொகையோடு பில் எண்ணும் இருக்கட்டும் என்றார். ஒரே எண்ணோடு இரண்டு செய்தி வந்தால் அது ஒரே பில் என்று இப்போது சம்மாட்டிமாருக்கும் தெரியும்.