சென்னை–வர்ஜீனியா ஃபைல் டிரான்ஸ்ஃபர்: மூன்று வருட அனுபவம்

வர்ஜீனியாவில் இருக்கும் ஒரு சர்வரிலிருந்து வாரம் ஒருமுறை 300 ஜிபி அளவுள்ள tar ஃபைலை சென்னைக்கு இறக்குவது என் வேலை. இரண்டு பக்கமும் 1 ஜிபிபிஎஸ் லைன். முதல் வாரம் `scp` போட்டேன், விநாடிக்கு 9 எம்பி வந்தது. லைன் தாங்கும் அளவில் அது பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லைன் கொடுத்தவர்களிடம் சண்டை போட்டேன், அவர்கள் ஸ்பீட் டெஸ்ட் காட்டினார்கள், அதில் முழு வேகம் வந்தது. ஸ்பீட் டெஸ்ட் சர்வர் சென்னைக்குள்ளேயே இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

விஷயம் லைனில் இல்லை, தூரத்தில் இருந்தது. `ping` போட்டால் 230 மில்லிசெகண்ட். டிசிபி கொஞ்சம் அனுப்பும், "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். அந்தப் பதில் வராமல் ஒரே நேரத்தில் வழியில் எவ்வளவு டேட்டா இருக்கலாம் என்பதுதான் விண்டோ. 1 ஜிபிபிஎஸ் லைன் 230 மில்லிசெகண்டும் நிரம்பியிருக்க ஏறக்குறைய 29 எம்பி வழியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தன் சேனலுக்கு வைத்திருக்கும் விண்டோ ஏறத்தாழ 2 எம்பி. 2 எம்பியை 0.23 விநாடியால் வகுத்துப் பாருங்கள், என் 9 எம்பி அப்படியே வந்துவிடும். எங்கள் மாடியில் இரண்டு மெஷினுக்கு நடுவே இதே `scp` பறக்கும், ஏனென்றால் அங்கே பதில் ஒரு மில்லிசெகண்டுக்குள் வந்துவிடுகிறது.

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது வேகம் எப்படி நகர்கிறது என்பதைத்தான். கோடு போட்ட மாதிரி ஒரே எண்ணில் நின்றால் விண்டோதான் முட்டுகிறது. ஏறி, சடாரென்று விழுந்து, மறுபடி மெதுவாக ஏறினால் வழியில் பாக்கெட் தொலைகிறது. அனுப்பும் சர்வரில் `ss -ti` போட்டால் `retrans` எண் கூடிக்கொண்டே போவது தெரியும்.

என்னுடையது முதல் வகை, அதனால் பல இணைப்புகளாகப் பிரிப்பதே போதுமாக இருந்தது:

```
lftp -e 'set sftp:max-packets-in-flight 64; pget -n 8 -c /data/run.tar; bye' sftp://user@host
```

எட்டு இணைப்புக்கும் தனித்தனி எஸ்எஸ்ஹெச், தனித்தனி 2 எம்பி விண்டோ. `lftp` தானாக ஒரு இணைப்பில் அரை எம்பிதான் கேட்டு வைக்கும், விண்டோ முழுதும் நிரம்பத்தான் அந்த `set`. மொத்தம் 70 எம்பி சொச்சம் வந்தது. ஒன்பது மணி நேர வேலை ஒன்றேகால் மணிக்குள் முடிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் இதுதான் ஓடியது. ஒரே ஒரு அடி வாங்கினேன்: `pget` ஃபைலின் வெவ்வேறு இடங்களில் ஒரே நேரத்தில் எழுதுவதால் பாதி வந்திருக்கும்போதே `ls` ஏறக்குறைய முழு அளவைக் காட்டும். அதை நம்பி ஒருநாள் அடுத்த ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டேன், நடுவில் பூஜ்ஜியமாக இருந்த பகுதியும் சேர்ந்து போனது. பக்கத்தில் `run.tar.lftp-pget-status` என்ற ஃபைல் இருந்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

போன வருடம் வழி மாறியது, பாக்கெட் தொலைய ஆரம்பித்தது. தொலைந்தால் டிசிபி நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரும்ப ஏறுவதற்குத்தான் தூரம் தண்டனை தருகிறது. பழைய ரீனோ முறை ஒரு சுற்றுக்கு ஒரு பாக்கெட் வீதம்தான் ஏறும். 29 எம்பி என்றால் சுமார் 20,000 பாக்கெட், பாதியாக விழுந்தால் மீண்டு வர 10,000 சுற்று, அதாவது 38 நிமிடம். லினக்ஸில் இப்போது வழக்கமாக இருக்கும் கியூபிக் இதைவிடத் தேவலை, ஆனாலும் எனக்கு எட்டு இணைப்பும் சேர்ந்து 20 எம்பியைத் தாண்டவில்லை. பதினாறாக்கினேன், கூடியது. ஒன்று விழுந்தாலும் மற்ற பதினைந்து ஓடுவதுதான் காரணம். ஆனால் ஆபீஸில் வீடியோ கால் பேசுபவர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். லைனைப் பங்கு போடும்போது பதினாறு பேராக நின்று கேட்கிறோம் அல்லவா?

அப்புறம்தான் `udr` பக்கம் போனேன். இது `rsync`-ஐ யுடிபி மேல் ஓட்டுகிறது. வேகத்தை நேரத்தை வைத்துக் கணக்கிட்டு அனுப்புகிறது, தொலைந்த பாக்கெட்டை மட்டும் பெறும் பக்கம் கேட்டு வாங்குகிறது, ஒரு சின்ன இழப்புக்கு மொத்தமாகப் படுத்துவிடுவதில்லை. 50 எம்பிக்கு மேல் நிலையாக வந்தது. தொல்லைகளும் உண்டு: இரண்டு பக்கமும் நிறுவ வேண்டும், ஃபயர்வாலில் 9000 முதலான யுடிபி போர்ட்டுகளைத் திறக்கச் சொல்லி மூன்று வாரம் அலைந்தேன், குறியாக்கத்தை நாமே கேட்டு வாங்க வேண்டும், மென்பொருளும் பல வருடமாகப் பராமரிப்பில்லாமல் கிடக்கிறது.

அதனால் இப்போது வர்ஜீனியா சர்வரில் கியூபிக்குக்குப் பதில் பிபிஆர் என்ற முறையைப் போட்டிருக்கிறேன் (`net.ipv4.tcp_congestion_control=bbr`). இது அனுப்பும் பக்கத்தில்தான் வேலை செய்யும். சென்னை மெஷினில் போட்டுவிட்டு ஒரு மாற்றமும் இல்லையே என்று நான் ஒரு மாலை முழுக்க முழித்தது தனிக்கதை. பிபிஆர் ஒவ்வொரு இழப்பையும் நெரிசலாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் எஸ்எஸ்ஹெச்சின் 2 எம்பி அப்படியேதான் இருக்கிறது, எனவே `lftp` எட்டு இணைப்போடு தொடர்கிறது. 60 எம்பி வருகிறது. `udr`-ஐ இன்னும் அழிக்கவில்லை, இழப்பு ரொம்ப மோசமான இரவுகளில் மட்டும் எடுக்கிறேன்.