கொள்ளளவா, பரப்பளவா? கட்டுமானத் தளத்தின் வண்டல் தொட்டியை அளவிடும் இரு முறைகள்

கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் சேற்று நீர் மழைநீர் வடிகாலைச் சேர்வதற்கு முன் அதைத் தேக்கி, மண்ணைப் படிய வைக்கும் வண்டல் தொட்டியை, தளங்களில் சில்ட் டிராப் என்றே சொல்கிறோம். அதன் அளவைத் தீர்மானிக்க இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. ஒன்று, வழிந்து வரும் நீரின் மொத்தக் கனஅளவுக்கு ஏற்பத் தொட்டியைத் தோண்டுவது. மற்றொன்று, மண் துகள் நீரில் இறங்கும் வேகத்தைக் கொண்டு நீர்ப்பரப்பின் அளவைக் கணிப்பது. இரண்டும் சரியானவையே என்றாலும், அவை பதில் சொல்லும் கேள்விகள் வேறுவேறு என்பதைக் கவனிக்காமல் ஒன்றை மட்டும் கையில் எடுக்கும்போதுதான் தொட்டி இருந்தும் கலங்கல் நீர் வெளியேறுகிறது.

சென்னைப் புறநகரில் மேல்மண் அகற்றப்பட்ட ஒரு ஹெக்டேர் தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெய்யும் மழையில் 60 சதவீதம் வழிந்தோடுகிறது, வடிவமைப்புக்கான மழைச் செறிவு மணிக்கு 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தொட்டிக்குள் வரும் உச்ச ஓட்டம் நொடிக்கு 0.1 கனமீட்டர்.

கொள்ளளவு முறையில் இந்த ஓட்டத்தைக் கணக்கிடவே தேவையில்லை என்பதுதான் அதன் பெரிய வசதி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கட்டுமானத் தள அனுமதி விதிகள், இரண்டாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணி நேர மழையின் வழிநீருக்கோ, ஏக்கருக்கு 3,600 கன அடிக்கோ இடம் வேண்டும் என்கின்றன. இரண்டாவது அளவு, தளம் முழுவதும் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு வழிநீர் நிற்பதற்குச் சமம். நம் தளத்துக்கு அது 250 கனமீட்டர் ஆகிறது. ஒன்றரை மீட்டர் ஆழம் வைத்தால் 167 சதுரமீட்டர் இடம் போதும். இரண்டரை மீட்டர் தோண்டினால் 100 சதுரமீட்டரில் வேலை முடிந்துவிடும். இடத்துக்குத் தட்டுப்பாடு உள்ள தளங்களில் ஒப்பந்ததாரர்கள் இரண்டாவதையே விரும்புவார்கள். விதியும் அதைத் தடுப்பதில்லை, ஏனெனில் கனஅளவு மட்டுமே கணக்கில் இருக்கிறது.

பரப்பளவு முறை இதே தொட்டியை வேறு கண்ணோடு பார்க்கிறது. எந்த அளவு வரையிலான துகளைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் 20 மைக்ரான், அதாவது நடுத்தர வண்டல் துகள், எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஸ்டோக்ஸ் விதிப்படி 25 டிகிரி வெப்பமுள்ள நீரில் அது நொடிக்கு சுமார் 0.4 மில்லிமீட்டர் இறங்கும். குளிர்ந்த நீர் பிசுபிசுப்புக் கூடியது. அதனால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கையேடு இதே துகளுக்கு 0.29 மில்லிமீட்டரையே கொள்கிறது. அந்த எண்ணை அப்படியே இங்கே எடுத்தாண்டால் தொட்டி தேவைக்கு மேல் பெரிதாகிவிடும். A என்பது நீர்ப்பரப்பு, Q உச்ச ஓட்டம், v துகள் இறங்கும் வேகம் என்று கொண்டு, நீரின் சலசலப்புக்காக 20 சதவீதம் கூட்டினால், சூத்திரம் இவ்வாறு அமைகிறது:

```
A = 1.2 × Q / v
A = 1.2 × 0.1 / 0.0004 = 300 சதுரமீட்டர்
```

இதில் ஆழம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தொட்டியை ஆழமாக்கினால் நீர் அதில் தங்கும் நேரம் கூடுகிறது. ஆனால் துகள் இறங்க வேண்டிய தூரமும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. ஆகவே ஓடும் நீரில் ஆழத்தால் எந்த ஆதாயமும் கிடைப்பதில்லை. 250 கனமீட்டர் தொட்டியை இந்தச் சூத்திரத்தில் திருப்பிப் போட்டுப் பார்த்தால், 167 சதுரமீட்டர் அகலப்பரப்பில் 27 மைக்ரானுக்கு மேற்பட்டவையும், ஆழமான 100 சதுரமீட்டர் தொட்டியில் 35 மைக்ரானுக்கு மேற்பட்டவையும்தான் முழுமையாகப் படியும். கனஅளவு ஒன்றே, விதியும் ஒன்றே. இரண்டு தொட்டிகளும் பிடிக்கும் மண் மட்டும் வேறு.

இவ்வளவையும் பார்த்துக் கொள்ளளவு முறையை ஒதுக்கிவிடுவது தவறு. மேலே சொன்ன கணக்கு, வருகிற நீர் அதே வேகத்தில் வெளியேறும் நிலைக்கு, அதாவது நிரம்பி வழியும் தொட்டிக்கு, மட்டுமே பொருந்தும். தொட்டி காலியாக இருந்து, மழையின் முதல் 250 கனமீட்டரை முழுவதுமாகத் தேக்கி, மேல்மட்ட நீரை மட்டும் எடுக்கும் மிதவைக் குழாய் வழியாக 24 மணி நேரத்தில் மெதுவாக வெளியேற்றினால், வெளியேறும் ஓட்டம் நொடிக்கு வெறும் 3 லிட்டர்தான். அந்த ஓட்டத்தைச் சூத்திரத்தில் வைத்தால் 167 சதுரமீட்டர் தொட்டியே ஏறக்குறைய 5 மைக்ரான் துகள் வரை பிடித்துவிடும். 300 சதுரமீட்டர் தொட்டி நிரம்பி வழியும்போது தரும் பலனைவிட இது மிக மேலானது. கொள்ளளவு முறையின் உண்மையான வலிமை இந்த வெளியேற்றக் குழாயில் இருக்கிறது. குழாய் இல்லாமல் வழிவாய் மட்டும் வைத்துக் கட்டப்படும் தொட்டி, முதல் மழையிலேயே நிரம்பி, அடுத்த மழைக்கு இடமில்லாமல் நிற்கும்.

நம் ஊரில் இரு முறைகளின் போட்டி தீர்வது இந்த இடத்தில்தான். 250 கனமீட்டர் என்பது இந்தத் தளத்தில் ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் மழை. மேற்சொன்ன செறிவில் 42 நிமிடத்தில் நிரம்பிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே நாளில் பெய்வதும், அடுத்தடுத்த நாட்களில் மழை தொடர்வதும் வழக்கம். எனவே குழாய் ஒழுங்காக வேலை செய்தாலும், நவம்பர் மாதத்தில் தொட்டி பல மணி நேரம் நிரம்பியே இருக்கும். அந்த நேரத்தில் மண்ணைப் பிடிப்பது பரப்பளவு மட்டுமே. ஆகவே என் தேர்வு, பரப்பளவு முறையில் தொடங்கி, கொள்ளளவைப் பிறகு சரிபார்ப்பது. 30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என 300 சதுரமீட்டர் வைத்து, 85 சென்டிமீட்டர் நீராழம் கொடுத்தால் 250 கனமீட்டர் தானாகவே கிடைத்துவிடுகிறது. அதற்குக் கீழே படியும் வண்டலுக்கென அரை மீட்டர் விட்டு, அதில் பாதி நிரம்பியதும் வாரி எடுக்க வேண்டும். தொட்டியில் நட்ட அளவுகோல் கம்பம் ஒன்று இதைக் காட்டிவிடும்.

நீள அகல விகிதத்தையும் விட்டுவிட முடியாது. நுழைவாயும் வழிவாயும் அருகருகே அமைந்தால் நீர் குறுக்கே ஓடி வெளியேறி, பரப்பின் பெரும்பகுதி தேங்கிக் கிடக்கும். வழிவாயருகே மட்டும் நீர் விரைந்து ஓடுவதும், எதிர் மூலையில் மரத்தூள் அசையாமல் மிதப்பதும் இதற்கான அடையாளங்கள். நடுவே தடுப்புத் திரை கட்டி நீரைச் சுற்றி வரச் செய்வதே அதற்கு வழி.

இரு முறைகளும் ஒருங்கே கைவிடும் மண்ணும் உண்டு. இறங்கும் வேகம் துகளின் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 2 மைக்ரான் களிமண் துகளின் வேகம் 20 மைக்ரான் துகளுடையதில் நூறில் ஒரு பங்கு. அதைப் பிடிக்கச் சூத்திரம் கேட்கும் பரப்பு 30,000 சதுரமீட்டர், அதாவது தளத்தைப் போல் மூன்று மடங்கு. தோண்டத் தொடங்கும் முன்பே இதை ஒரு கண்ணாடிக் குடுவையில் பார்த்துவிடலாம். தளத்து மண்ணை நீரில் நன்றாகக் கலக்கி வைத்துவிட்டு, நான்கு நிமிடம் கழித்து மேல் 10 சென்டிமீட்டரைப் பாருங்கள். 20 மைக்ரானுக்கு மேற்பட்டவை எல்லாம் அதற்குள் அந்த ஆழத்தைக் கடந்திருக்கும். இன்னும் மிஞ்சியிருக்கும் கலங்கல், தொட்டி நிரம்பி வழியும்போது வடிகாலுக்குப் போகப்போகும் கலங்கல். அது ஏழு மணி நேரம் கழித்தும் தெளியவில்லை என்றால், பரப்பைக் கூட்டுவதில் பயனில்லை. கரிசல் மண்ணில் இந்த நிலை ஏற்பட வாய்ப்பு அதிகம். அத்தகைய தளத்தில் படிகாரம் போன்ற திரளச் செய்யும் பொருளை எவ்வளவு சேர்த்தால் தெளிகிறது என்பதை அதே குடுவையில் சோதித்து, அந்த அளவை நுழைவாயில் சேர்ப்பதற்கான ஏற்பாட்டையும், திறந்து கிடக்கும் மண்ணை வைக்கோலோ சணல் விரிப்போ இட்டு மூடுவதற்கான செலவையும் தொட்டிக்கான மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.